பாடச் சுருக்கத்திலிருந்து ஸ்லைடு வரைவு: ஒரு ஸ்லைடுக்கு ஒரு கருத்து, முழுமையான வழிகாட்டி

குழுவாகச் செமினார் எடுக்கப்போகும் மாணவர்கள் பாடத்தைப் படித்துச் சுருக்கி எழுதுவது வரை நன்றாகவே செய்துவிடுகிறார்கள். தடுமாற்றம் அதற்கு அடுத்த படியில் வருகிறது. சுருக்கத்தில் ஐந்து பத்தி இருந்தால் ஐந்து ஸ்லைடு போட்டு, ஒவ்வொரு பத்தியையும் நான்கைந்து புள்ளிகளாக உடைத்து ஒட்டிவிடுகிறார்கள். பிபிடி தயார். ஆனால் மேடையில் பேசுகிறவர் திரையைப் பார்த்து வாசிக்கிறார். கேட்கிறவர்கள் அவருக்கு முன்பே வாசித்து முடித்துவிட்டு வேறு எங்கோ பார்க்கிறார்கள்.

காரணம் எளிது. சுருக்கி எழுதும்போது நான்கு கருத்துகளை ஒரே வாக்கியத்துக்குள் அடக்குகிறோம். படிக்கிறவர் நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி படிக்கலாம் என்பதால் அது செல்லும். கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் அடக்கிய நான்கையும் மறுபடி தனித்தனியாகப் பிரிக்க வேண்டும், பிரித்தபின் சிலவற்றை விட வேண்டும், மிச்சத்தை வேறு வரிசையில் அடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வேலையைப் பற்றியது. ஸ்லைடின் நிறம், வடிவமைப்பு பற்றி இதில் பேசவில்லை.

ஒரே உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துச் செல்கிறேன்: புவியியல் பாடத்தில் இந்தியப் பருவமழை பற்றிய அத்தியாயம். குழுவில் நான்கு பேர், பேச 12 நிமிடம். குழு எழுதி வைத்திருக்கும் சுருக்கம் இது:

> கோடையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதால் தாழ்வழுத்தம் உருவாகி, ஈரக்காற்று தென்மேற்கிலிருந்து வீசி, ஜூன் முதல் செப்டம்பர் வரை நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தருகிறது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதாலும், வங்கக்கடல் கிளை கரைக்கு இணையாகச் செல்வதாலும் தமிழகத்துக்கு இதில் குறைந்த பங்கே கிடைக்கிறது. அக்டோபரில் நிலம் குளிரத் தொடங்கியதும் காற்றின் திசை மாறி, வடகிழக்கிலிருந்து வங்கக்கடலைக் கடந்து வரும் காற்று தமிழகக் கடற்கரைக்கு மழை தருகிறது; மாநிலத்தின் ஆண்டு மழையில் சுமார் 48 சதவீதம் இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. இதில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்களுக்கும் புயல்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஏரி, கண்மாய்கள் நிரம்புவதும் சம்பா சாகுபடியும் இதை நம்பியே உள்ளன. பொய்த்தால் வறட்சி, ஒரேயடியாகக் கொட்டினால் வெள்ளம்.

சுருக்கம் என்ற அளவில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதை அப்படியே ஸ்லைடாக்க முடியாது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சுருக்கம் மட்டும் போதாது, மூலப் பாடப் புத்தகமும் பக்கத்தில் இருக்க வேண்டும். சுருக்கும்போது நாம் முதலில் வெட்டுவது படம், அட்டவணை, உதாரணம் ஆகியவற்றைத்தான். ஸ்லைடுக்குத் தேவைப்படுவது அவைதான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுருக்கத்தோடு மட்டும் உட்காரும் குழுவுக்குப் பாதி வழியில் கையில் ஒரு படம்கூட இருக்காது. அப்புறம் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு வரைபடத்தை ஒட்டுவார்கள், அது பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பேச எத்தனை நிமிடம் என்பதையும், கேள்வி நேரம் அதற்குள் அடக்கமா என்பதையும் ஆசிரியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஸ்லைடு என்பதை இந்த ஓர் எண்தான் முடிவு செய்கிறது.

சின்னச் சின்னத் துண்டுத் தாள்கள், ஒரு பேனா. கணினியை இப்போது திறக்க வேண்டாம். பவர்பாயிண்டைத் திறந்த உடனே அது தலைப்புக்கு ஒரு பெட்டியும் கீழே புள்ளிகளுக்கு ஒரு பெட்டியும் காட்டும். பெட்டி இருந்தால் நிரப்பத்தான் தோன்றும்.

## 2. குழு பதில் சொல்லப்போகும் கேள்வி ஒன்றை எழுதுங்கள்

"இந்தியப் பருவமழை" என்பது அத்தியாயத்தின் பெயர். அதை வைத்துக்கொண்டு எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய முடியாது. பருவமழை பற்றிய எதுவும் அதற்குள் வரும். அதனால் முதலில் ஒரு கேள்வி வேண்டும், கேள்விக்குறியோடு முடியும் உண்மையான கேள்வி.

நம் உதாரணத்தில் குழு எடுத்துக்கொண்டது இது: நாட்டின் பெரும்பகுதி ஜூன் முதல் நனையும்போது, தமிழகத்துக்கு மட்டும் ஏன் ஆண்டின் கடைசியில் அதிக மழை?

அத்தியாயத்தின் எல்லாப் பகுதிகளும் இந்தக் கேள்விக்குள் அடங்காது. அடங்காதவற்றை விட்டுவிடலாமா என்று குழுவுக்குள் வாக்குவாதம் வரும். ஆசிரியர் அத்தியாயம் முழுவதையும் எதிர்பார்க்கிறார் என்றால் கேள்வியை அகலப்படுத்துங்கள். ஆனால் கேள்வியே இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இனி வரும் படிகளில் ஒவ்வொரு துண்டுத் தாளையும் இந்தக் கேள்வியின் முன்னால் வைத்துத்தான் சோதிக்கப்போகிறோம்.

கேள்வியை எழுதியதும், அதற்கான பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "தென்மேற்குக் காற்றின் ஈரம் தமிழகத்தை எட்டும் முன்பே குறைந்துவிடுகிறது, அக்டோபரில் திசை திரும்பும் காற்று வங்கக்கடல் வழியாக ஈரத்தோடு நேராகத் தமிழகக் கரைக்கு வருகிறது." நான்கு பேரும் இந்த வாக்கியத்தை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பாடத்தை யாரோ ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அது இப்போதே தெரிவது நல்லது.

## 3. சுருக்கத்தை ஒற்றைக் கூற்றுகளாகப் பிரியுங்கள்

அதிக நேரம் பிடிக்கும் படி இதுதான். புதிதாகச் செய்கிறவர்கள் தாண்டிப் போகப் பார்ப்பதும் இதையேதான்.

சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, அதில் எத்தனை வினைகள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். தமிழில் வினையெச்சங்கள் இதைச் சுலபமாக மறைத்துவிடும். "சூடாவதால்... உருவாகி... வீசி... தருகிறது" என்று ஒரே மூச்சில் எழுதிவிடலாம், இலக்கணமும் சரியாக இருக்கும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கு நிகழ்வுகள் இருக்கின்றன. எச்சம் வரும் இடமெல்லாம் நிறுத்தி, அதை முற்றுவினையாக மாற்றி, தனித் துண்டில் எழுதுங்கள். "ஆனால்", "அதனால்", "மேலும்", அரைப்புள்ளி ஆகியவையும் வெட்ட வேண்டிய இடங்களே.

முதல் இரண்டு வாக்கியங்களைப் பிரித்தால் இப்படி வரும்:

- கோடையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது.
- சூடான நிலத்தின் மேல் தாழ்வழுத்தம் உருவாகிறது.
- கடலிலிருந்து ஈரக்காற்று தென்மேற்குத் திசையில் இருந்து வீசுகிறது.
- ஜூன் முதல் செப்டம்பர் வரை நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு பெய்கிறது.
- மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக்கடல் காற்றின் ஈரத்தைத் தடுத்துவிடுகிறது.
- வங்கக்கடல் கிளை தமிழகக் கரைக்கு இணையாகச் செல்கிறது.
- தமிழகத்துக்குத் தென்மேற்குப் பருவமழையில் குறைந்த பங்கே கிடைக்கிறது.

இரண்டு வாக்கியத்துக்கு ஏழு துண்டுகள். முழுச் சுருக்கத்தையும் பிரித்தால் இதைப்போல இரு மடங்கு வரும். இத்தனை ஸ்லைடா என்று பயப்பட வேண்டாம், இதில் பல ஒன்றுசேரப் போகின்றன.

## 4. எது ஒரு கருத்து என்று முடிவு செய்யுங்கள்

"ஒரு ஸ்லைடுக்கு ஒரு கருத்து" என்று எல்லோரும் சொல்கிறார்கள், எது ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: இரண்டு துண்டுகளை எடுங்கள். ஒன்றைச் சொல்லி, நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததைச் சொன்னால் கேட்பவருக்கு இரண்டும் புரியுமா? புரியும் என்றால் அவை இரண்டு கருத்துகள். முதலாவது அந்தரத்தில் நிற்கிறது, இரண்டாவது வந்தால்தான் அதற்குப் பொருள் வருகிறது என்றால் இரண்டும் சேர்ந்து ஒன்று.

"நிலம் வேகமாகச் சூடாகிறது" என்று சொல்லி நிறுத்தினால், அதற்கென்ன என்று கேட்பவர் காத்திருப்பார். தாழ்வழுத்தமும் காற்றும் சேர்ந்தால்தான் அது முழுமையாகிறது. ஆக முதல் மூன்று துண்டுகளும் ஒரே கருத்து: சூடான நிலம் கடற்காற்றை உள்ளே இழுக்கிறது. ஒரே படத்தில் மூன்று அம்புக்குறிகளால் காட்டிவிடலாம்.

மலையும் வங்கக்கடல் கிளையும் அப்படியல்ல. சுருக்கத்தில் இரண்டும் "இருப்பதாலும், செல்வதாலும்" என்று ஒரே வாக்கியத்தில் தோளோடு தோள் நிற்பதால், பெரும்பாலான குழுக்கள் "மழை குறைவதற்கான காரணங்கள்" என்று ஒரே ஸ்லைடில் போட்டுவிடும். ஆனால் இவை இரண்டு வெவ்வேறு கடல்கள், இரண்டு வெவ்வேறு காற்றுகள், இரண்டு வெவ்வேறு படங்கள். முதலாவதற்கு மலையின் குறுக்குவெட்டுப் படம் வேண்டும், இரண்டாவதற்கு மேலிருந்து பார்க்கும் வரைபடம் வேண்டும். ஒரே ஸ்லைடுக்கு இரண்டு படம் தேவைப்பட்டால் அங்கே இரண்டு கருத்துகள் இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம்.

கடைசித் துண்டைப் பாருங்கள்: "தமிழகத்துக்குக் குறைந்த பங்கே கிடைக்கிறது." மலை, இணைக் காற்று என்ற இரண்டின் விளைவு இது. இதற்குத் தனி ஸ்லைடு தேவையில்லை, இரண்டையும் சொன்னதும் வாயாலேயே சொல்லி முடிக்கலாம். விளைவை மட்டும் சொல்லும் துண்டுகளை இப்படி ஓரமாக எடுத்து வையுங்கள்.

## 5. விட வேண்டியதை விடுங்கள்

துண்டுகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: திரையில் வருவது, பேச்சில் மட்டும் வருவது, கேள்வி வந்தால் மட்டும் சொல்வது. நான்காவதாகக் குப்பைக் குவியல் வேண்டாம். மூன்றாவது குவியல் இருப்பதால்தான் எல்லோரும் தயங்காமல் விடுகிறார்கள்.

மூன்றாவது குவியலுக்குப் போக வேண்டியவை பெரும்பாலும் விதிவிலக்குகள். கன்னியாகுமரி இரண்டு பருவங்களிலும் மழை பெறுகிறது. நீலகிரியின் மேற்குப் பகுதிகளும் வால்பாறையும் தென்மேற்குப் பருவத்தில் நன்றாகவே நனைகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கோவைப் பக்கம் புகுந்து வருகிறது. இவை எல்லாம் உண்மை, சுவையானவையும்கூட. ஆனால் மலை மறைவு என்ற கருத்து கேட்பவர் மனதில் உட்காரும் முன்பே இவற்றைச் சொன்னால் அந்தக் கருத்தே கலைந்துவிடும். கேள்வி நேரத்தில் நிச்சயம் யாராவது கோவையைப் பற்றிக் கேட்பார்கள், அப்போது பதில் தயாராக இருக்கட்டும்.

## 6. வரிசையை மாற்றுங்கள்

புத்தகம் காரணத்தில் தொடங்கி விளைவில் முடிகிறது. நிலம் சூடாவதில் ஆரம்பித்து சம்பா சாகுபடிக்கு வருகிறது. சுருக்கமும் அதே வரிசையில்தான் இருக்கும். படிப்பவருக்கு அது சரி. கேட்பவருக்கு, எதற்காக இந்தக் காரணங்களைக் கேட்கிறோம் என்பது முதல் ஐந்து நிமிடமும் தெரியாது.

அதனால் விளக்கம் தேவைப்படும் உண்மையை முன்னால் கொண்டுவாருங்கள். நம் உதாரணத்தில் அது 48 சதவீதம் என்ற எண். சுருக்கத்தின் நடுவில் புதைந்து கிடக்கிறது. அதை முதல் ஸ்லைடுக்குக் கொண்டுவந்து, அடுத்த ஸ்லைடில் நாட்டின் மழைக்காலத்தைக் காட்டினால், "அப்போது தமிழகத்தில் என்ன வித்தியாசம்?" என்ற கேள்வி அரங்கில் தானாக எழும். அதற்குப் பிறகு சொல்லும் ஒவ்வொரு காரணத்தையும் கேட்க ஆள் இருக்கும்.

துண்டுகளை மேசையில் பரப்பி, கையால் நகர்த்திப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளுக்கு நடுவே "ஏன்?", "அதனால்?", "அப்படியானால்?" ஆகிய மூன்றில் ஒன்று பொருந்த வேண்டும். "மேலும்" என்பது மட்டும்தான் பொருந்துகிறது என்றால் வரிசை இன்னும் சரியாகவில்லை.

## 7. தலைப்பை முழு வாக்கியமாக எழுதுங்கள்

இப்போது ஒவ்வொரு துண்டின் மேலும் ஸ்லைடின் தலைப்பை எழுதுங்கள். "மழை மறைவுப் பகுதி" என்பது தலைப்பாகாது, அது பெயர்தான். அதன் கீழே எதை வேண்டுமானாலும் போடலாம், அதனால்தான் எல்லாம் வந்து குவிகிறது. "அரபிக்கடல் காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது" என்று எழுதினால், அதை நிரூபிக்கும் படம் ஒன்றைத் தவிர வேறு எதற்கும் அங்கே இடமில்லை.

தலைப்பில் எழுவாய் ஒன்று, முற்றுவினை ஒன்று. திரையில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் எட்டு, ஒன்பது சொல்லுக்கு மேல் போனாலே மூன்றாவது வரி வந்துவிடும். அப்போது எழுத்தின் அளவைக் குறைக்காதீர்கள், வாக்கியத்தைக் குறையுங்கள்.

குறைக்கும்போது ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. "தமிழகத்துக்குத் தென்மேற்குப் பருவமழை கிடையாது" என்று எழுதினால் தலைப்பு கச்சிதமாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் பெய்கிறது. உள் மாவட்டங்களில் மாலை நேர இடிமழையாகப் பெய்வதை எல்லோரும் பார்த்திருப்போம். "பெரும்பாலும்", "குறைந்த", "ஏறத்தாழ" போன்ற சொற்களைச் சுருக்கத்தில் காரணத்தோடுதான் போட்டிருப்பீர்கள். தலைப்பை எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, அந்தச் சொல்லை எடுத்தபின்னும் வாக்கியம் உண்மையாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் அந்தச் சொல்லைத் திரும்ப வையுங்கள், வேறு சொல்லைக் குறையுங்கள்.

நம் குழுவின் பத்து தலைப்புகள் இப்படி அமைந்தன:

1. தமிழகத்தின் மழையில் ஏறத்தாழ பாதி, ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் பெய்கிறது.
2. நாட்டின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் செப்டம்பரோடு முடிகிறது.
3. கோடையில் சூடான நிலம் கடற்காற்றை உள்ளே இழுக்கிறது.
4. அரபிக்கடல் காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது.
5. வங்கக்கடல் காற்று தமிழகக் கரைக்கு இணையாகச் சென்றுவிடுகிறது.
6. அக்டோபரில் நிலம் குளிர, காற்றின் திசை திரும்புகிறது.
7. திரும்பிய காற்று வங்கக்கடலில் ஈரத்தை ஏற்றிக்கொண்டு வருகிறது.
8. இந்த மழையில் பெரும்பங்கு தாழ்வு மண்டலங்களாலும் புயல்களாலும் வருகிறது.
9. அதனால் ஓர் ஆண்டு வெள்ளமும் அடுத்த ஆண்டே வறட்சியும் வரலாம்.
10. ஏரிகளும் சம்பாவும் இந்த மூன்று மாதங்களையே நம்பியுள்ளன.

தலைப்புகளை மட்டும் ஒருவர் வாசிக்க, பாடத்தைப் படிக்காத நண்பர் ஒருவர் கேட்கட்டும். கேட்டு முடித்ததும் அவரால் இரண்டாம் படியில் எழுதிய கேள்விக்குப் பதில் சொல்ல முடிய வேண்டும். எந்த இடத்தில் முழிக்கிறாரோ அங்கே ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. இந்தப் பட்டியலை வாசித்தால் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே முழிப்பது வழக்கம்: காற்று தினமும் வந்தால் மழையும் தினமும் பெய்யாதா? எட்டாம் ஸ்லைடில் பேசுகிறவர் இந்தக் கேள்வியைத் தானே எழுப்பி, மழை சில நாட்களில் மொத்தமாக வருகிறது என்று தொடங்கினால் இடைவெளி மூடிவிடும்.

## 8. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரே சான்று

தலைப்பின் கீழே வருவது அந்த வாக்கியத்தை நம்ப வைக்கும் ஒன்றே ஒன்று: ஒரு படம், ஒரு வரைபடம், ஒரு எண், அல்லது ஒரு நிகழ்வு. தலைப்பையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும் புள்ளிகள் சான்றாகாது.

நான்காம் ஸ்லைடை முழுமையாகக் காட்டுகிறேன். வரைவில் அது இப்படி இருக்கும்:

> தலைப்பு: அரபிக்கடல் காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது.
>
> திரையில்: மலையின் குறுக்குவெட்டுப் படம். இடது பக்கம் கடல், மேலேறும் அம்புக்குறி, மேகம், மழை. வலது பக்கம் கீழிறங்கும் அம்புக்குறி. இரண்டே பெயர்கள்: கேரளம், தமிழகம்.
>
> பேச்சில்: மேலே ஏறும் காற்று குளிர்கிறது. குளிரும்போது அதிலுள்ள நீராவி மேகமாகி மழையாகிறது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது காற்று மறுபடி சூடாகி வறண்டுவிடுகிறது.
>
> கேள்வி வந்தால்: பாலக்காட்டுக் கணவாய், வால்பாறை, நீலகிரி.
>
> அடுத்ததற்கு இணைப்பு: ஒரு கடலின் காற்றை மலை தடுக்கிறது, சரி. தமிழகத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கடல் இருக்கிறதே?

பேச்சில் மூன்று வாக்கியம் இருந்தும் திரையில் ஒரு வாக்கியமும் ஒரு படமும் மட்டுமே. படத்தைப் பார்த்துக்கொண்டே அந்த மூன்றையும் கேட்கலாம். எழுத்தாகப் போட்டிருந்தால் வாசிப்பதா, கேட்பதா என்று கேட்பவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

ஒன்பதாம் ஸ்லைடுக்குச் சான்று சுருக்கத்தில் இல்லை. "பொய்த்தால் வறட்சி, கொட்டினால் வெள்ளம்" என்று பொதுவாக மட்டும் இருக்கிறது. இதற்கு 2015, 2016 என்ற இரண்டு ஆண்டுகளையே பக்கத்துப் பக்கமாக வைத்தால் போதும். 2015 நவம்பர், டிசம்பரில் சென்னை மூழ்கியது. மறு ஆண்டே வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. இப்படிப் பாடத்துக்கு வெளியிலிருந்து எடுக்கும் ஒவ்வொன்றையும் யார் சரிபார்த்தார் என்று துண்டில் பெயரோடு குறித்து வையுங்கள். கேள்வி வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு தலைப்புக்கு எவ்வளவு தேடியும் சான்று கிடைக்கவில்லை என்றால், அது அநேகமாக வேறொரு ஸ்லைடின் பகுதி. அங்கே பேச்சுக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

## 9. நிமிடத்தோடு பொருத்துங்கள்

ஒரு தலைப்பு, ஒரு படம், மூன்று நான்கு வாக்கியப் பேச்சு என்றால் ஒரு ஸ்லைடுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடிக்கும். 12 நிமிடத்தில் வணக்கம், ஆள் மாறுவது, இடையில் நிற்பது என்று இரண்டு நிமிடம் போகும். மீதிக்குப் பத்து ஸ்லைடு சரி. பதினான்கு துண்டுகள் நிற்கின்றன என்றால் வேகமாகப் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள், நான்காம் படிக்குத் திரும்பி எவை ஒன்றுசேரும், எவை பேச்சுக்குப் போகும் என்று மறுபடி பாருங்கள்.

## 10. ஆட்களுக்குப் பிரிப்பது கடைசியில்தான்

பெரும்பாலான குழுக்கள் செய்யும் முதல் வேலை இதுதான்: ஆளுக்கு ஒரு பத்தி. அப்படிப் பிரித்தால் நான்கு தனித்தனி பிபிடி உருவாகும். ஒருவர் சொன்னதையே அடுத்தவர் மறுபடி சொல்வார். ஒருவர் "தாழ்வழுத்தம்" என்றும் மற்றவர் "குறைந்த காற்றழுத்தம்" என்றும் எழுதியிருப்பார், கேட்பவர் இரண்டும் வேறு வேறு என்று நினைப்பார். வரைவு முழுவதையும் நால்வரும் ஒன்றாக முடித்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

பிரிக்கும்போது எண்ணிக்கையைச் சமமாக்குவதைவிட, கேள்வி மாறும் இடத்தில் ஆள் மாறுவது முக்கியம். நம் வரைவில் 1, 2 பிரச்சினையை வைக்கின்றன. 3, 4, 5 ஜூனில் ஏன் குறைவு என்று சொல்கின்றன. 6, 7, 8 அக்டோபரில் ஏன் அதிகம் என்று சொல்கின்றன. 9, 10 அதன் விளைவு. ஆக இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஸ்லைடு குறைவு என்று மனத்தாங்கல் வரலாம்; வணக்கமும் அறிமுகமும் முதல் ஆளுக்கு, கேள்வி நேரத்தை நடத்துவது கடைசி ஆளுக்கு என்று கொடுத்தால் வேலை சமமாகும்.

நடுவில் பேசும் இருவரில் ஒருவர் வராமல் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒவ்வொருவரும் தனக்கு முந்தையவரின் பகுதியையும் ஒருமுறை பேசிப் பார்த்திருந்தால் போதும். பேச்சுக் குறிப்பு வரைவிலேயே இருப்பதால் இது கஷ்டமான காரியமில்லை.

## 11. இப்போது கணினியைத் திறக்கலாம்

வரைவை வேர்டில் தட்டச்சு செய்யுங்கள். ஸ்லைடின் தலைப்புகளுக்கு `Heading 1`, திரையில் வரும் எழுத்து ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் `Heading 2` கொடுத்து கோப்பைச் சேமித்து மூடுங்கள். பிறகு பவர்பாயிண்டில் `Home → New Slide → Slides from Outline` சென்று அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு `Heading 1` வரிக்கும் ஒரு ஸ்லைடு தானாக உருவாகும். பேச்சுக் குறிப்பைத் தலைப்புப் பாணி எதுவும் கொடுக்காமல் சாதாரண எழுத்தாகவே வைத்தால் அது ஸ்லைடுக்குள் வராது. பிறகு கையால் எடுத்து `Notes` பகுதியில் ஒட்டிக்கொள்ளலாம். எல்லாத் தலைப்புகளையும் ஒரே பட்டியலாக வைத்துத் திருத்த `View → Outline View` உதவும்.

வெறுமையாகக் கிடக்கும் புள்ளிப் பெட்டிகளை உடனே நீக்கிவிடுங்கள். நள்ளிரவில் குழுவில் யாராவது ஒருவர் அதைப் பார்த்து, காலியாக இருக்கிறதே என்று எதையாவது எழுதி வைப்பார்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் நால்வரும் யுனிகோடிலேயே செய்ய வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஒருவர் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவருடைய ஸ்லைடு முழுவதும் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். செமினார் அறையின் கணினியில் முந்தைய நாளே ஒருமுறை திறந்து, பத்துத் தலைப்புகளும் சரியாகத் தெரிகின்றனவா, எதுவும் மூன்றாவது வரிக்கு வழிகிறதா என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். வழிந்தால் அந்த வாக்கியத்தை அங்கேயே குறைத்து, குறைத்ததைப் புத்தகத்தோடு இன்னொரு தடவை ஒப்பிட்டுவிட்டுச் சேமியுங்கள்.